14-ஆம் இருக்கையை இருவர் ஒரே நொடியில் கேட்டால்: டேக்-ஹோம் அசைன்மென்ட்டைக் குழுவின் முன் விளக்குவது

கேள்வி: வேலைக்காகக் கொடுத்த டேக்-ஹோம் அசைன்மென்ட்டை முடித்து அனுப்பிவிட்டேன். வெளியூர்ப் பேருந்துக்கான இருக்கை முன்பதிவு ஏபிஐ, பைத்தான், போஸ்ட்கிரெஸ். வருகிற வாரம் மூன்று பேர் கொண்ட குழுவுக்கு முன்னால் 45 நிமிடம் அதை விளக்க வேண்டும். "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று குடைந்து குடைந்து கேட்டால் எப்படிச் சமாளிப்பது?

பதில்:

இத்தகைய குழுக்களில் கேள்வி கேட்பவனாகச் சில ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்பு பதில் சொல்ல வேண்டியவனாகவும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முன்பதிவு ஏபிஐ என்றாலே குழு சுற்றி வளைத்து வந்து சேரும் இடம் ஒன்றுதான். ஒரே இருக்கையை ஒரே நேரத்தில் இருவர் கேட்டால் என்ன ஆகும்? உங்கள் 45 நிமிடத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியிலும் அதன் கிளைகளிலும் போகும் என்று வைத்துக்கொண்டு தயாராகுங்கள். மற்றவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

முதலில் தொடக்கம். பலர் திரையைப் பகிர்ந்தவுடன் கோப்புறைகளைத் திறந்து, இது மாடல்கள், இது ரூட்டுகள், இது டெஸ்டுகள் என்று மேலிருந்து கீழாகக் காட்டத் தொடங்குகிறார்கள். குழுவில் குறைந்தது ஒருவராவது அவற்றை முன்பே படித்துவிட்டுத்தான் வந்திருப்பார். கோப்புறைச் சுற்றுலாவில் 12 நிமிடம் கரைந்த பிறகு, உண்மையான முடிவுகளைப் பற்றிப் பேச நேரமில்லாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதிலாக, முதல் இரண்டு நிமிடத்திலேயே உங்கள் ஏபிஐ எதற்கு உத்தரவாதம் தருகிறது, எதற்குத் தரவில்லை என்று சொல்லிவிடுங்கள். உதாரணமாக: "ஒரு பயணத்தில் ஓர் இருக்கைக்கு, எத்தனை பேர் எந்த வரிசையில் கேட்டாலும், உயிருள்ள முன்பதிவு ஒன்றுக்கு மேல் இருக்காது. இதைத் தரவுத்தளமே காக்கிறது. பணம் செலுத்துவதை நான் போலியாகத்தான் வைத்திருக்கிறேன். பணம் திருப்பித் தருவதைச் செய்யவில்லை." இப்படிச் சொன்னவுடன் குழுவின் கேள்விகள் நீங்கள் நன்றாக யோசித்த இடத்தை நோக்கித் திரும்பும். செய்யாததை நீங்களே முதலில் சொல்லிவிட்டதால், அதைக் கண்டுபிடித்துக் காட்டும் வேலையும் அவர்களுக்கு இருக்காது.

அடுத்து, அந்த உத்தரவாதத்தைக் காட்டுங்கள். இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, முதலில் தவறான வடிவத்தைக் காட்டுவது. எல்லோருக்கும் முதலில் தோன்றும் நிரல் இதுதான்:

```python
row = fetch_one("SELECT 1 FROM bookings WHERE trip_id=%s AND seat_no=%s", (42, 14))
if row is None:
    execute("INSERT INTO bookings (trip_id, seat_no) VALUES (%s, %s)", (42, 14))
```

முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் இன்னொரு கோரிக்கையும் அதே கேள்வியைக் கேட்டு, "காலியாக இருக்கிறது" என்ற அதே பதிலைப் பெற்றுவிடலாம். பிறகு இருவரும் எழுதுவார்கள். 14-ஆம் இருக்கை இருவருக்கு விற்கப்பட்டிருக்கும். இரண்டையும் ஒரு டிரான்சாக்ஷனுக்குள் வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், சரியாகாது. போஸ்ட்கிரெஸின் இயல்பான நிலை `READ COMMITTED`. அதில் மற்றவர் இன்னும் கமிட் செய்யாத பதிவு உங்கள் கண்ணுக்குத் தெரியாது. இதற்கான திருத்தம், `held` என்று பிடித்து வைத்த அல்லது `confirmed` என்று உறுதியான முன்பதிவுகளுக்கு மட்டும் பொருந்தும் பகுதி யுனீக் இண்டெக்ஸ்:

```sql
CREATE UNIQUE INDEX one_live_booking
  ON bookings (trip_id, seat_no)
  WHERE status IN ('held', 'confirmed');
```

இப்போது இருவர் ஒரே நேரத்தில் எழுத வந்தால், இரண்டாமவர் முதலாமவரின் டிரான்சாக்ஷன் முடியும் வரை காத்திருப்பார். முதலாமவர் கமிட் செய்தால் இரண்டாமவருக்கு `23505` என்ற பிழை வரும். அதை நீங்கள் 409 என்ற பதிலாக மாற்றி அனுப்புகிறீர்கள்.

இதை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், ஒரே இருக்கைக்கு 50 கோரிக்கைகளை ஒன்றாக அனுப்பும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திருத்திய வடிவத்தில் ஒன்றுக்கு 201, மீதி 49-க்கு 409 என்று வர வேண்டும். தவறான வடிவத்தில் சில நேரம் இரண்டு மூன்று 201 வரும், சில நேரம் ஒன்றுதான் வரும். ஏனென்றால் அந்த இடைவெளி மிகச் சிறியது. குழுவின் முன் உறுதியாகக் காட்ட வேண்டுமென்றால் இரண்டு வரிகளுக்கும் இடையில் 0.1 நொடி தூக்கம் ஒன்றைச் செருகுங்கள். ஆனால் செருகியிருப்பதைச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

இங்கே கவனமில்லாதவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. உங்கள் சர்வர் ஒரே வொர்க்கரோடு, கோரிக்கைகளை ஒவ்வொன்றாகக் கையாளும் விதத்தில் ஓடிக்கொண்டிருந்தால், 50 கோரிக்கைகளும் வரிசையில்தான் நிற்கும். அப்போது தவறான நிரலும் தேர்ச்சி பெற்றுவிடும், அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. தரவுத்தள இணைப்புகள் 5 மட்டுமே என்று வைத்திருந்தால் ஒரு நேரத்தில் மோதுவது அதிகபட்சம் ஐந்து பேர்தான். "எத்தனை வொர்க்கர்கள் ஓடுகின்றன?" என்று குழுவில் ஒருவர் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்பார்; அவருக்குத் தெரிய வேண்டியது இதுதான். தவறான வடிவம் உங்கள் சோதனையில் தோற்பதை முதலில் உங்கள் கண்ணால் பார்த்திருந்தால், இந்தக் கேள்விக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

இனி குறுக்குக் கேள்விகள். பெரும்பாலும் முதலில் வருவது, "இதற்கு ஏன் `SELECT ... FOR UPDATE` பயன்படுத்தவில்லை?" என்பது. இது உங்களைத் தவறு என்று சொல்லும் கேள்வி அல்ல. மாற்று வழியை நீங்கள் எடைபோட்டீர்களா என்று அறியும் கேள்வி. இதற்கு "யுனீக் இண்டெக்ஸ்தான் சிறந்தது" என்று பதில் சொன்னால் அடுத்த கேள்வி கடுமையாக வரும். பதிலை இந்த வரிசையில் சொல்லிப் பாருங்கள். `FOR UPDATE` இருக்கும் பதிவைத்தான் பூட்டும். என் அட்டவணையில் முன்பதிவு செய்யாத இருக்கைக்குப் பதிவே கிடையாது. எனவே பூட்டுவதற்கு ஒன்றுமில்லை, இருவரும் தடையின்றி உள்ளே வந்துவிடுவார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒவ்வோர் இருக்கைக்கும் முன்கூட்டியே ஒரு பதிவை உருவாக்கி வைத்திருந்தால் `FOR UPDATE` நன்றாகவே வேலை செய்யும். நான் அப்படி வைக்காததற்குக் காரணம், பேருந்து மாறி இருக்கை எண்ணிக்கை மாறினால் அந்தப் பதிவுகளையெல்லாம் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஆனால் இருக்கைவாரியாக விலையோ, பெண்களுக்கான ஒதுக்கீடோ வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தால், எப்படியும் அந்தப் பதிவுகள் தேவைப்படும். அப்போது நானும் அந்த வழிக்கே போயிருப்பேன்.

இந்தப் பதிலில் நான்கு விஷயங்கள் இருப்பதைப் பாருங்கள்: மாற்று வழி எப்படி இயங்குகிறது, என் அமைப்பில் அது ஏன் பொருந்தவில்லை, அந்த வழியில் போயிருந்தால் நான் கொடுக்க வேண்டியிருந்த விலை என்ன, எந்த நிலைமை வந்தால் என் முடிவை மாற்றிக்கொள்வேன். கடைசியாகச் சொன்னதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் அதை மனப்பாடம் செய்து சொல்ல முடியாது. உங்கள் நிரலில் உள்ள முக்கியமான மூன்று நான்கு முடிவுகளுக்கும் இந்த நான்கையும் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுதி வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டாம். வாசிக்கும் குரல் கேட்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

ரெடிஸில் ஒரு லாக் போட்டிருக்கலாமே என்ற கேள்வியும் வரலாம். அதற்கான பதில் சுருக்கமானது. அத்தகைய லாக்குக்கு ஒரு காலாவதி வைத்தாக வேண்டும். லாக்கை வைத்திருக்கும் ப்ராசஸ் ஏதோ காரணத்தால் அந்த நேரத்தைத் தாண்டி நின்றுவிட்டால், லாக் இன்னொருவர் கைக்குப் போய், இருவரும் தங்களிடமே இருப்பதாக நினைத்து எழுதுவார்கள். எனவே அதைப் போட்டாலும் தரவுத்தளத்தில் இண்டெக்ஸ் தேவைப்படும். இண்டெக்ஸ் இருந்தால் இந்த அளவு வேலைக்கு லாக் தேவையில்லை.

இதைவிட ஆழமான கேள்வி, பிடித்து வைத்த இருக்கையைப் பற்றியது. பணம் செலுத்த 10 நிமிடம் அவகாசம் கொடுத்து `held` என்று வைத்திருப்பீர்கள். அந்த நேரம் முடிந்த பிறகு இருக்கை எப்படி விடுபடுகிறது? இண்டெக்ஸின் நிபந்தனையிலேயே `held_until > now()` என்று எழுதிவிடலாமே என்று ஒருவர் கேட்பார். எழுத முடியாது, இண்டெக்ஸ் நிபந்தனையில் வரும் ஃபங்ஷன்கள் `IMMUTABLE` ஆக இருக்க வேண்டும் என்பது போஸ்ட்கிரெஸின் விதி, `now()` அப்படிப்பட்டதல்ல. நேரம் ஓடுவதால் ஒரு பதிவு இண்டெக்ஸிலிருந்து தானாக விலகிக்கொள்ளாது, யாராவது அதைத் தொட்டு மாற்ற வேண்டும். அதனால்தான் புதிய முன்பதிவை எழுதும் அதே டிரான்சாக்ஷனில், அதற்கு முன்பாக இது ஓடுகிறது:

```sql
UPDATE bookings SET status = 'expired'
WHERE trip_id = 42 AND seat_no = 14
  AND status = 'held' AND held_until < now();
```

"இந்த வரியையே இருவர் ஒரே நேரத்தில் ஓட்டினால்?" என்பது உடனே வரும் அடுத்த கேள்வி. அவசரப்படாமல், ஒரு தாளில் இரண்டு கோடுகள் வரைந்து, இருவரின் அடிகளையும் மேலிருந்து கீழாக எழுதிக்காட்டிப் பதில் சொல்லுங்கள். முதலாமவர் பதிவை மாற்றுகிறார். இரண்டாமவர் அந்தப் பதிவின் பூட்டுக்காகக் காத்திருக்கிறார். முதலாமவர் தன் முன்பதிவையும் எழுதிக் கமிட் செய்கிறார். இரண்டாமவர் நிபந்தனையை மீண்டும் சரிபார்க்கும்போது அந்தப் பதிவு `held` ஆக இல்லை, அதனால் எதையும் மாற்றாமல் அடுத்த வரிக்குப் போய், அங்கே `23505` வாங்குகிறார். நீங்கள் இதை வரைந்து காட்டும்போது குழுவின் போக்கு மாறுவதைக் கவனிப்பீர்கள். அதுவரை விசாரித்துக்கொண்டிருந்தவர்கள் உங்களோடு சேர்ந்து யோசிக்கத் தொடங்குவார்கள்.

ஓட்டை ஒன்றும் நிச்சயம் வெளிப்படும். இந்த அமைப்பில் நான் பார்த்தவரை பெரும்பாலோர் விட்டுவிடும் ஓட்டை இது: பயணி ஒன்பதாவது நிமிடத்தில் பணம் செலுத்தத் தொடங்குகிறார், வங்கியின் பதில் பதினோராவது நிமிடத்தில் வருகிறது, அதற்குள் அவருடைய பிடிப்பு காலாவதியாகி இருக்கை வேறொருவருக்குப் போய்விட்டது. உங்கள் நிரல் பணம் வந்ததைப் பார்த்து, நிலையைச் சோதிக்காமல் `confirmed` என்று மாற்ற முயன்றால், இண்டெக்ஸ் தடுத்துவிடும். இருக்கை இருமுறை விற்கப்படாது. ஆனால் பணம் போய்விட்டது, டிக்கெட் இல்லை, பயணிக்குக் கிடைப்பது 500 என்ற பிழை மட்டும்.

என் இளமையில் இதே போன்றதொரு நேர்காணலில் இப்படி ஓர் ஓட்டையைக் குழு காட்டியபோது, அது நடைமுறையில் நடக்காது என்று கால் மணி நேரம் வாதாடினேன். நடக்கும் என்பது மூன்றாவது நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பின்வாங்க மனம் வரவில்லை. அந்த வேலை கிடைக்கவில்லை. பிறகு நானே குழுவில் உட்கார்ந்தபோது காரணம் புரிந்தது: ஓட்டை இருந்ததற்காக யாரையும் நாங்கள் நிராகரித்ததில்லை, சில மணி நேரத்தில் எழுதிய நிரலில் ஓட்டை இருக்கத்தான் செய்யும். ஆனால் நாளை நள்ளிரவில் ஒரு கோளாறு வந்தால் இவர் அதை ஒப்புக்கொள்வாரா, மறைப்பாரா என்பதை அந்தச் சில நிமிடங்களில் பார்த்துவிடுகிறோம்.

எனவே இத்தகைய கேள்வி வந்தால், முதலில் நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்லி உறுதி செய்யுங்கள்: "பணம் தாமதமாக வந்து, பிடிப்பு அதற்குள் காலாவதியானால் என்று கேட்கிறீர்கள், சரிதானே?" பிறகு நேராகச் சொல்லுங்கள்: "இதை நான் யோசிக்கவில்லை. இப்போதுள்ள நிரலில் பயணிக்கு 500 வரும், பணம் தொங்கலில் நிற்கும்." அதன்பின் சரிசெய்யும் வழி: உறுதி செய்யும் `UPDATE`-இல் `AND status = 'held'` என்ற நிபந்தனையைச் சேர்த்து, எந்தப் பதிவும் மாறவில்லை என்றால் பணத்தைத் திருப்பும் வேலையை ஒரு அட்டவணையில் எழுதி வைப்பது. எழுதி வைப்பது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அந்த இடத்திலேயே பணத்தைத் திருப்ப முயன்று அதுவும் தோற்றால், மறுபடி முயல்வதற்குச் சுவடே இருக்காது. இவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். மன்னிப்பு கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கடைசிப் பகுதியில் பெரும்பாலும் தேவையை மாற்றிப் பார்ப்பார்கள். பேருந்து முன்பதிவில் இதற்கு இயல்பாக வருவது இடைநிறுத்தம். சென்னையிலிருந்து மதுரை செல்லும் பேருந்தில் 14-ஆம் இருக்கைக்காரர் திருச்சியில் இறங்கிவிடுகிறார். திருச்சியிலிருந்து மதுரைக்கு அதே இருக்கையை இன்னொருவருக்கு விற்க வேண்டும். உடனே தட்டச்சு செய்யத் தொடங்காதீர்கள். நிறுத்தங்களின் வரிசை ஒரு பயணத்துக்குள் மாறாது என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். ஆம் என்றால், சென்னைக்கு 0, விழுப்புரத்துக்கு 1, திருச்சிக்கு 2, மதுரைக்கு 3 என்று எண் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு முன்பதிவும் ஒரு எண் வீச்சு ஆகிவிடுகிறது. இரண்டு வீச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது என்பதே இப்போதைய விதி. யுனீக் இண்டெக்ஸால் சமத்துவத்தைத்தான் சோதிக்க முடியும், படிதலைச் சோதிக்க முடியாது. அதனால் அதை நீக்கிவிட்டு இதை வைக்க வேண்டும்:

```sql
CREATE EXTENSION btree_gist;

ALTER TABLE bookings ADD CONSTRAINT no_overlap
  EXCLUDE USING gist (
    trip_id WITH =,
    seat_no WITH =,
    int4range(from_stop, to_stop) WITH &&
  ) WHERE (status IN ('held', 'confirmed'));
```

`int4range` தொடக்க எண்ணைச் சேர்த்து, முடிவு எண்ணைச் சேர்க்காமல் எடுத்துக்கொள்ளும். எனவே சென்னை முதல் திருச்சி வரை 0-லிருந்து 2, திருச்சி முதல் மதுரை வரை 2-லிருந்து 3 என்று இரண்டும் மோதாமல் பொருந்தும். இந்தச் சொற்கள் எல்லாம் அன்றைக்கு நினைவுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. "வீச்சு படிவதைத் தடுக்கும் கட்டுப்பாடு போஸ்ட்கிரெஸில் உண்டு, எழுதும் முறையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று சொன்னாலே போதும். பழைய நிரலில் இதனால் எது உடையும் என்று நீங்களாகவே சொல்வதற்குத்தான் அதிக மதிப்பு. இந்தக் கட்டுப்பாடு மீறப்படும்போது வரும் பிழை `23505` அல்ல, `23P01`. உங்கள் நிரல் பழைய எண்ணை மட்டும் பிடிப்பதாக இருந்தால், இருக்கை பாதுகாப்பாகவே இருக்கும், ஆனால் 409 வர வேண்டிய பயணிக்கு 500 வரும். காலாவதியான பிடிப்புகளை மாற்றும் `UPDATE`-உம் இனி மோதும் வீச்சில் உள்ள எல்லாப் பிடிப்புகளையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஓர் இருக்கைக்கு ஒரே நேரத்தில் பல பிடிப்புகள் இருக்கலாம்.

குடும்பமாக நான்கு இருக்கை எடுப்பவர்களையும் மறந்துவிடாதீர்கள். ஒருவர் 7, 8 என்ற வரிசையிலும் இன்னொருவர் 8, 7 என்ற வரிசையிலும் ஒரே டிரான்சாக்ஷனில் எழுதினால் இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்து நின்று டெட்லாக் ஆகும். போஸ்ட்கிரெஸ் அதைக் கண்டுபிடித்து ஒருவரை `40P01` பிழையோடு வெளியேற்றும். எழுதுவதற்கு முன் இருக்கை எண்களை ஏறுவரிசையில் அடுக்கிவிட்டால் இந்த மோதல் வராது. ஒரு வரித் திருத்தம். நேர்காணலுக்கு முன் உங்கள் நிரலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அனுப்பிய நிரலைச் சத்தமில்லாமல் மாற்றாமல் தனிக் கிளையில் வைத்து, அனுப்பிய பிறகு கண்டுபிடித்தது என்று சொல்லிக் காட்டுங்கள்.

முதல் நாள் இரவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் நிரலில் உள்ள எண்களை மட்டும் தேடி எடுங்கள்: பிடிப்புக்கு 10 நிமிடம், இணைப்புகள் 5, மறுமுயற்சி 3. எண்களைப் பற்றி யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார், பெரும்பாலும் அதுவரை பேசாமல் இருந்தவர். 10 நிமிடம் என்பது அசைன்மென்ட்டிலேயே கொடுத்திருந்ததா, நீங்கள் வைத்ததா? நீங்கள் வைத்ததென்றால், 3 நிமிடம் வைத்தால் ஓடிபி தாமதமாகும் பயணி இருக்கையை இழப்பார், 30 நிமிடம் வைத்தால் விடுமுறைக்கு முந்தைய நாள் மாலையில் யாரும் வாங்காத இருக்கைகளால் பேருந்து நிரம்பியதுபோல் தோன்றும் என்று இரு பக்கத்து நட்டத்தையும் சொல்லிவிட்டு, இடையில் ஒன்றை ஊகித்தே எடுத்தேன், பணம் செலுத்தி முடிக்க உண்மையில் எவ்வளவு நேரமாகிறது என்ற தரவு கிடைத்தால் அதன்படி மாற்றுவேன் என்று சொல்லுங்கள்.